விரல் இல்லாமலே துடிக்கும் நாடி

பயோமெடிக்கல் பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்டுக்கு விரும்பி எடுக்கும் கருவிகளில் ஒன்று, ஒளியால் நாடித்துடிப்பை எண்ணும் கருவி. பச்சை எல்.இ.டி. ஒன்று, அதன் ஒளியை வாங்க ஒரு போட்டோடயோடு, ஒரு ஆர்டுயினோ பலகை, எண்ணைக் காட்ட ஒரு சிறு திரை. எல்லாமே சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடக்கூடிய பொருட்கள். இணைத்து முடித்து விரலை வைத்தால் திரையில் 76, 78 என்று எண் வருகிறது. குழுவே மகிழ்கிறது. பிறகு விரலை எடுக்கிறார்கள். எண் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை. 71 என்று காட்டி, அங்கேயே நிற்கிறது.

அந்த 71 கன்னாபின்னாவென்று தாவும் எண் அல்ல. அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் நாடி எப்படி இருக்குமோ அப்படியே சீராக இருக்கிறது. நிரலில் வடிகட்டியும் போட்டிருக்கிறார்கள். நொடிக்கு அரைத் துடிப்பு முதல் ஐந்து துடிப்பு வரை உள்ளதை மட்டும் உள்ளே விட்டு மற்றதையெல்லாம் தள்ளும் வடிகட்டி அது. இருந்தும் யாருடையதும் அல்லாத ஒரு நாடி அதைத் தாண்டி வந்துவிட்டது. எப்படி வந்தது என்று தெரிய, முதலில் உண்மையான நாடி எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் விரல் நுனியின் நுண்ணிய தமனிகளில் கொஞ்சம் கூடுதல் ரத்தம் பாய்கிறது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஒளியை உறிஞ்சும். ரத்தம் கூடினால் திரும்பி வரும் ஒளி குறையும், ரத்தம் வடிந்தால் ஒளி கூடும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்துகொண்டே போனால் நாடியின் அலை கிடைத்துவிடும். 1930களின் பிற்பாதியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் என்ற உடலியங்கியல் ஆய்வாளர் விரல்களிலும் கால்விரல்களிலும் இந்த முறையால் ரத்த ஓட்டத்தை அளந்து கட்டுரை வெளியிட்டார். இன்று மணிக்கட்டுக் கடிகாரத்தின் அடிப்பக்கத்தில் மினுங்கும் பச்சை விளக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. பச்சை ஒளியை ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சும் என்பதால் மணிக்கட்டில் அதற்கு முதலிடம். மருத்துவமனையில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், விரலை ஊடுருவி மறுபக்கம் போக வேண்டிய தேவையால் சிவப்பையும் அகச்சிவப்பையும் பயன்படுத்துகிறது.

கேட்க எளிதாக இருக்கும் இந்த விஷயத்தில் சிக்கல் அளவில்தான் இருக்கிறது. திரும்பி வரும் ஒளியில் பெரும்பகுதி தோலிலும் தசையிலும் எலும்பிலும் சிதறி வருவது. அதில் மாற்றமே இல்லை. இதயத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் பங்கு மொத்தத்தில் ஏறக்குறைய நூறில் ஒன்று. கை குளிர்ந்திருந்தால் அதைவிடக் குறைவு.

இதை எண்ணில் வைத்துப் பார்க்கலாம். போட்டோடயோடு சுற்று 2.5 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் நாடியின் பங்கு 25 மில்லிவோல்ட். ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்து அளக்கிறது, ஆகவே ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். நாடி முழுவதும் ஐந்தே படிகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஐந்து படியில் வரைந்த அலையில் எது உச்சி, எது சிறு நடுக்கம் என்று எந்த நிரலாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அப்படியே நூறு மடங்கு பெருக்கிவிடலாமே என்று தோன்றும். பெருக்கினால் 2.5 வோல்ட் 250 வோல்ட் ஆக வேண்டும். 5 வோல்ட்டில் ஓடும் சுற்றில் அது நடக்காது. வெளியீடு மேல் விளிம்பில் போய் முட்டி நின்றுவிடும். எனவே முதலில் மாறாத பங்கைக் கழித்துவிட்டு, மிஞ்சிய 25 மில்லிவோல்ட்டை மட்டும் பெருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் வடிகட்டி முதன்முறையாக வேலைக்கு வருகிறது.

ஒரு கெப்பாசிட்டரும் ஒரு ரெசிஸ்டரும் போதும். மாணவர் சுற்றுகளில் அதிகம் காணப்படும் ஜோடி 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 47 கிலோ ஓம் ரெசிஸ்டரும். இவை இரண்டும் சேர்ந்து 0.72 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள மெதுவான மாற்றங்களை அமுக்குகின்றன. 0.72 ஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 43 துடிப்பு. மாறாத பங்கு முழுவதுமாக நின்றுவிடும். மூச்சு விடும்போது ரத்த ஓட்டம் லேசாக மாறுவதால் அலை முழுவதும் மெல்ல மேலும் கீழும் ஆடும். நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் அது 0.25 ஹெர்ட்ஸ், அதுவும் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். இதே ஜோடியை இரண்டு கட்டங்களில் வைத்தால் ஒன்பதில் ஒரு பங்கு.

பெருக்கும் வேலை ஆப்-ஆம்ப்புடையது. அதன் பின்னூட்டத்தில் 680 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் அதற்கு இணையாக 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரையும், தரைக்கு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் போட்டால் 101 மடங்கு பெருக்கம் கிடைக்கும். ஐந்து படியாக இருந்த நாடி ஐந்நூறு படிக்கு வளர்ந்துவிடும். அந்த இணைக் கெப்பாசிட்டர் சும்மா இருப்பதில்லை. 2.34 ஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போகப் பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே வரும். 100 ஹெர்ட்ஸில் பெருக்கம் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்காக இறங்கிவிடும். கீழே ஒரு வேலி, மேலே ஒரு வேலி. இடையில் நாடி.

இந்த 2.34 ஹெர்ட்ஸ் பல சுற்று வரைபடங்களில் கேள்வி கேட்கப்படாமல் நகலாகிக்கொண்டே வருகிறது. அது நிமிடத்துக்கு 140 துடிப்பு. அமர்ந்திருப்பவருக்கு இது தாராளம். ஓடி வந்து விரலை வைப்பவரின் நாடி 170 ஆக இருந்தால், இரண்டு கட்டச் சுற்றில் அலை பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். அப்படிப்பட்ட பயன்பாட்டுக்கு 680-க்குப் பதில் 330 கிலோ ஓம் போட வேண்டும். வேலி 4.8 ஹெர்ட்ஸுக்கு நகரும், பெருக்கம் ஏறக்குறைய 50 மடங்காகக் குறையும், அதை அடுத்த கட்டத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம். யாருக்காக, எந்த நிலையில் அளக்கிறோம் என்று தெரியாமல் ரெசிஸ்டர் மதிப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

சுற்றில் அடிக்கடி நேரும் இன்னொரு குறையைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். மலிவாகக் கிடைக்கும் LM358 ஆப்-ஆம்ப் 5 வோல்ட்டில் ஓடும்போது அதன் வெளியீடு ஏறக்குறைய 3.5 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. நாடி அலையின் உச்சி அதைத் தாண்ட முயன்றால் அலையின் தலை சீவியது போலத் தட்டையாகிவிடும். தட்டையான இடத்தில் உச்சி எது என்று நிரல் தடுமாறும், துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி முன்னும் பின்னும் அலையும். இதை இரைச்சல் என்று நினைத்து மென்பொருளில் மேலும் மேலும் வடிகட்டிகளை அடுக்குவது வீண் வேலை. பெருக்கத்தைக் குறைத்தால் போதும், இல்லையென்றால் மின்சாரத்தின் இரு விளிம்பு வரை செல்லக்கூடிய MCP6002 போன்ற ஆப்-ஆம்ப்பை மாற்றினால் போதும்.

இப்போது விரலில்லாத 71-க்கு வரலாம். அந்தக் குழு மேலே சொன்ன சுற்றை வைக்கவில்லை. போட்டோடயோடின் வெளியீட்டை நேராக ஆர்டுயினோவுக்குக் கொடுத்து, எல்லா வடிகட்டலையும் மென்பொருளில் செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தது. நொடிக்கு நூறு முறை அளப்பதற்காக நிரலில் `analogRead()`, அடுத்து `delay(10)` என்று எழுதியது.

ஆய்வகத்தின் கூரையில் டியூப்லைட். நம் நாட்டில் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் இரண்டு முறை உச்சத்தைத் தொடுவதால் சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மின்னும். மலிவான எல்.இ.டி. பல்புகள் பலவும் இப்படித்தான். கண்ணுக்கு இது தெரிவதில்லை. போட்டோடயோடுக்குத் தெரியும்.

நொடிக்கு 100 முறை மின்னும் விளக்கை மிகச் சரியாக நொடிக்கு 100 முறை அளந்தால், ஒவ்வொரு முறையும் மின்னலின் அதே கட்டத்தைத்தான் பிடிப்போம். எல்லா அளவும் ஒன்றாக இருக்கும், மின்னலே இல்லாதது போலத் தோன்றும். ஆனால் அந்த நிரல் சரியாக நொடிக்கு 100 முறை அளக்கவில்லை. `delay(10)` பத்து மில்லிநொடி காத்திருக்கிறது. `analogRead()` தனியாக 0.1 மில்லிநொடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. எண்ணை அனுப்பவும் சிறிது நேரம் ஆகிறது. ஒரு சுற்றுக்கு மொத்தம் 10.12 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டால், உண்மையில் நொடிக்கு 98.8 முறைதான் அளக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் மின்னலின் கட்டத்தில் சற்றுத் தள்ளித் தள்ளிப் பிடிக்கிறோம். அந்தத் தள்ளல் சேர்ந்து சேர்ந்து மெதுவான ஒரு பொய் அலையை உண்டாக்கும். சினிமாவில் வேகமாக ஓடும் ரதத்தின் சக்கரம் மெல்லப் பின்னோக்கிச் சுழல்வது போலத் தெரிவதற்குக் காரணமும் இதே தள்ளல்தான். பொய் அலையின் வேகம் இரண்டு எண்களின் வித்தியாசம்: 100-லிருந்து 98.8 போக, நொடிக்கு ஏறக்குறைய 1.19. நிமிடத்துக்கு 71.

இதில் மனதில் பதிய வேண்டியது, பொய் அலை எந்தக் கட்டத்தில் பிறக்கிறது என்பது. அளக்கும் அந்த நொடியிலேயே 100 ஹெர்ட்ஸ் 1.19 ஹெர்ட்ஸாக வேடம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு மென்பொருளில் எவ்வளவு நுட்பமான வடிகட்டி இருந்தாலும் அதன் கண்ணுக்கு இது நாடி. நாடி இருக்க வேண்டிய எல்லைக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே விளக்கின் மின்னலை எண்ணாக மாறுவதற்கு முன்பே தடுத்தாக வேண்டும். ஆப்-ஆம்ப் சுற்றில் இருக்கும் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரின் அருமை இங்கேதான் தெரிகிறது.

சந்தேகம் வந்தால் சோதிக்க எளிய வழி உண்டு. `delay(10)` என்பதை `delay(11)` என்று மாற்றிப் பார்க்கலாம். இப்போது அளவு நொடிக்கு ஏறக்குறைய 90 முறை. வித்தியாசம் 10 ஹெர்ட்ஸுக்கு ஓடிவிடும், வடிகட்டி அதைத் தள்ளிவிடும், 71 மறைந்துவிடும். உண்மையான நாடியோ அளக்கும் வேகத்தை எப்படி மாற்றினாலும் மாறாது. இதயத்துக்கு நம் நிரலைப் பற்றிக் கவலையில்லை.

மென்பொருளிலும் இதைச் சமாளிக்க ஓர் அழகான உத்தி இருக்கிறது. 2 மில்லிநொடிக்கு ஒரு முறை, அதாவது நொடிக்கு 500 முறை அளக்க வேண்டும். அடுத்தடுத்த பத்து அளவுகளைக் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும். பத்து அளவு சேர்ந்தால் 20 மில்லிநொடி. அந்த நேரத்துக்குள் மின்சாரத்தின் சுழற்சி ஒன்று, விளக்கின் மின்னல் இரண்டு, முழுசாக அடங்கிவிடும். மேலே போன பங்கும் கீழே வந்த பங்கும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஒரே சராசரியில் கம்பிகள் வழியாகத் தொற்றும் 50 ஹெர்ட்ஸும் போகும், விளக்கின் 100 ஹெர்ட்ஸும் போகும்.

```
if (micros() - last >= 2000) {
  last += 2000;
  sum += analogRead(A0);
  if (++n == 10) {
    x = sum / 10.0;
    sum = 0;
    n = 0;
  }
}
```

இதில் `delay` இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். `last += 2000` என்ற வரிதான் உயிர்நாடி. அளக்க எவ்வளவு நேரம் ஆனாலும் அடுத்த அளவுக்கான நேரம் முன்பே குறிக்கப்பட்டுவிடுகிறது, தாமதம் சேர்ந்துகொண்டே போவதில்லை. வெளியே வருவது நொடிக்கு 50 எண். நாடியை எண்ண அது போதும்.

மூன்றாவது வழி எல்.இ.டி.யை அணைத்து ஏற்றுவது. அணைந்திருக்கும்போது அளந்தால் அறையின் ஒளி மட்டும் கிடைக்கும். உடனே ஏற்றி அளந்தால் அறையின் ஒளியும் நாடியும் சேர்ந்து கிடைக்கும். கழித்தால் நாடி மட்டும். இரண்டுக்கும் இடையில் ஒரு மில்லிநொடிகூட ஆகாமல் செய்தால், அறை விளக்கு அதற்குள் பெரிதாக மாறியிருக்காது. கடைகளில் கிடைக்கும் MAX30102 போன்ற ஒருங்கிணைந்த சென்சார்களில் அறை ஒளியைக் கழிக்கும் சுற்று சில்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், விரலையும் சென்சாரையும் சேர்த்து ஒரு கறுப்புத் துணியால் மூடுவது எந்தச் சுற்றுக்கும் குறைந்ததல்ல. நுழையாத ஒளியை யாரும் வடிகட்ட வேண்டியதில்லை.

சிக்னல் சுத்தமாகிவிட்டாலும் எண்ணிக்கை தவறக்கூடும். நாடி அலைக்கு ஒரே உச்சி இருப்பதில்லை. பெரிய உச்சிக்குப் பிறகு அலை இறங்கும் வழியில் ஒரு சிறு பள்ளமும், அதை அடுத்து ஒரு குட்டி மேடும் வரும். இதயத்தின் மகாதமனி வால்வு மூடும் நேரத்தையொட்டி, தமனிகளில் திரும்பி வரும் அழுத்த அலையும் சேர்ந்து உண்டாக்குவது அது. இளம் வயதினரிடம் நன்றாகத் தெரியும். அதாவது சோதனைக்கு விரல் நீட்டும் மாணவர்களிடம்தான் இந்தத் தொல்லை அதிகம்.

ஒருவருக்குத் துடிப்புக்குத் துடிப்பு 830 மில்லிநொடி, நிமிடத்துக்கு 72. குட்டி மேடு பெரிய உச்சியிலிருந்து 330 மில்லிநொடியில் வருகிறது. நிரல் இரண்டையும் எண்ணிவிட்டால் திரையில் 144 தெரியும். இடைவெளிகளை அச்சிட்டுப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்: 330, 500, 330, 500 என்று குட்டையும் நெட்டையுமாக மாறி மாறி வரும். உண்மையிலேயே 144 துடிக்கும் இதயத்தில் இடைவெளிகள் ஏறக்குறைய ஒரே அளவில், 417 மில்லிநொடியை ஒட்டியே இருக்கும்.

ஒரு துடிப்புக்குப் பிறகு 300 மில்லிநொடி எதையும் எண்ணாதே என்று நிரலில் எழுதுவது வழக்கம். நம் உதாரணத்தில் அது போதாது, குட்டி மேடு 330-ல் அல்லவா வருகிறது. 400 என்று கூட்டினால் நிமிடத்துக்கு 150-க்கு மேல் எண்ணவே முடியாமல் போகும். ஆகவே முந்தைய இடைவெளியில் ஐந்தில் மூன்று பங்கு நேரம் காத்திரு என்று எழுதுவது மேல். 830-க்கு அது 498 மில்லிநொடி, குட்டி மேடு தப்ப முடியாது. நாடி வேகமானால் காத்திருக்கும் நேரமும் தானாகக் குறையும். இதற்கும் ஒரு ஓட்டை உண்டு. தொடக்கத்திலேயே 330-ஐத் துடிப்பு என்று நம்பிவிட்டால், காத்திருப்பு 198 ஆகி, தவறு தொடர்ந்துகொண்டே இருக்கும். அதனால் உயரத்தையும் துணைக்கு அழைக்க வேண்டும். கடந்த இரண்டு நொடியில் வந்த உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, அலை அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலாகத் தாண்டும்போது மட்டும் எண்ணினால், பாதி உயரத்தைத் தொடாத குட்டி மேடு கணக்கில் சேராது. விரலை மாற்றினாலும் ஆளை மாற்றினாலும் கோடு தானே இடம் மாறிக்கொள்ளும்.

விரலை அழுத்துவதிலும் அளவு வேண்டும். நாடி நன்றாகத் தெரியட்டும் என்று பலர் சென்சாரை இறுக்கி அழுத்துகிறார்கள். அழுத்தம் தமனிக்குள் இருக்கும் அழுத்தத்தை நெருங்கினால் ரத்தம் உள்ளே வருவதே தடைபட்டு அலை படுத்துவிடும். லேசாக வைத்தால் விரல் நடுங்கும். வெல்க்ரோ பட்டையோ மெல்லிய ஸ்பிரிங் வைத்த கிளிப்போ இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் அழுத்தத்தை ஒரே சீராகத் தரும். அலை திடீரென்று சிறுத்தால் பெருக்கத்தைக் கூட்டுவதற்கு முன் பட்டையைத் தளர்த்திப் பார்ப்பது நல்லது.

இதுவரை சொன்ன இரைச்சல்கள் எல்லாம் நாடிக்கு வெளியே இருப்பவை. மூச்சு அதற்குக் கீழே, மின்சாரமும் விளக்கும் அதற்கு மேலே. வேடம் மாறுவதற்கு முன் பிடித்துவிட்டால் வேலி போட்டுப் பிரித்துவிடலாம். நாடி இருக்கும் அதே இடத்தில் வந்து உட்காரும் இரைச்சல் ஒன்று உண்டு, அதுதான் அசைவு.

நடப்பவர் நிமிடத்துக்கு நூறு அடிக்கு மேல் வைக்கிறார். ஓடுபவர் 160 முதல் 180 அடி. ஒவ்வொரு அடிக்கும் மணிக்கட்டில் ரத்தம் குலுங்குகிறது, சென்சாருக்கும் தோலுக்கும் இடையில் இடைவெளி மாறுகிறது. ஓடும்போது இதயமும் 150, 160 என்று துடிக்கும். இரண்டு அலையும் ஒரே அதிர்வெண்ணில். எங்கே வேலி போடுவது? அசைவின் அலை நாடியைவிடப் பலமடங்கு பெரிதாகவும் இருக்கலாம். ஓடும்போது சில கடிகாரங்கள் நாடிக்குப் பதில் அடிகளின் எண்ணிக்கையைக் காட்டிவிடுவது இதனால்தான்.

இங்கே வடிகட்டுவது என்ற எண்ணத்தையே கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரைச்சலைத் தனியாக அளந்து, பிறகு கழிக்க வேண்டும். கடிகாரங்களில் இருக்கும் முடுக்கமானி கையின் அசைவை மூன்று திசையிலும் அளக்கிறது. ஒளி அலையில் எந்தப் பகுதி அந்த அசைவோடு ஒத்துப்போகிறதோ அதைக் கழித்து, மிஞ்சியதில் நாடியைத் தேடுகிறார்கள். இது எவ்வளவு கடினம் என்பதற்கு, ஐ.இ.இ.இ. என்ற பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பு 2015-ல் மாணவர்களுக்காக நடத்திய சிக்னல் போட்டியின் கேள்வியே இதுவாக இருந்தது என்பதைச் சொன்னால் போதும். டிரெட்மில்லில் ஓடுபவர்களின் மணிக்கட்டிலிருந்து வந்த ஒளி அலையையும் முடுக்கமானியின் பதிவையும் கொடுத்து, நாடியைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அதே காலத்தில் ஷிலின் ஷாங் குழுவினர் வெளியிட்ட டிரோய்கா என்ற முறை, மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிய 12 பேரின் பதிவில், சராசரியாக நிமிடத்துக்கு 2.34 துடிப்பு வித்தியாசத்துக்குள் நாடியைப் பிடித்தது. சரிபார்க்க மார்பில் மாட்டிய ஈ.சி.ஜி.யும் கூடவே பதிவாகியிருந்தது.

இரைச்சல் என்று ஒதுக்கியது வேறொருவருக்குச் செய்தியாக இருந்த வரலாறும் இதே துறையில் உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் நிஹோன் கோடென் நிறுவனத்தில் தகுவோ அயோயாகி என்ற பொறியாளர், இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவை அறிய ஒரு முறையை முயன்றுகொண்டிருந்தார். ரத்தத்தில் சாயம் ஏற்றி, அது கரைந்து குறைவதைக் காது மடலில் ஒளியால் அளக்கும் முறை அது. நாடியின் துடிப்பு அந்த அளவில் புகுந்து கெடுத்தது. அவருக்கு நாடிதான் இரைச்சல். அதை ஒழிக்க இரண்டு வேறு ஒளிகளில் அளந்து ஒன்றையொன்று சமன் செய்து கழித்தார். துடிப்பும் மறைந்தது. ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தபோது அந்தச் சமநிலை கலைந்து துடிப்பு திரும்பவும் தலைகாட்டியது. கலைந்த அளவு, ஆக்சிஜன் குறைந்த அளவைக் காட்டுகிறது என்று அவர் புரிந்துகொண்டார். 1974-ல் அதை அறிவித்தார். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த பல்ஸ் ஆக்சிமீட்டரின் தொடக்கம் அதுதான். அயோயாகி 2020 ஏப்ரலில் காலமானார்.

புராஜெக்ட் செய்பவர்களுக்கு இந்த வரலாற்றில் நேரடிப் பயன் இருக்கிறது. எண் துள்ளாமல் நிற்க வேண்டும் என்பதற்காகக் கடைசி பத்து இடைவெளிகளின் சராசரியைக் காட்டுவது வழக்கம். முந்தையதிலிருந்து வேறுபடும் இடைவெளிகளைத் தூக்கியெறிவதும் உண்டு. திரை அழகாக இருக்கும். ஆனால் சிலரின் இதயம் உண்மையிலேயே ஒழுங்கில்லாமல் துடிக்கிறது. இடையில் ஒரு துடிப்பு முந்தி வருகிறது, அடுத்தது தாமதிக்கிறது. மருத்துவருக்குத் தெரிய வேண்டியது அந்த ஒழுங்கின்மைதான், அதை இரைச்சல் என்று வடிகட்டிவிட்டால் கருவி பொய் சொல்கிறது. சராசரிக்குப் பதில் ஐந்து இடைவெளிகளில் நடுவில் இருப்பதை எடுத்தால் ஒன்றிரண்டு தவறுகளால் எண் குதிக்காது. கூடவே இடைவெளிகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் தனியாகக் காட்டினால் எதுவும் மறைக்கப்படாது.

கருவி சரியா என்று பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. மணிக்கட்டில் விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும், பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு துடிப்புத் தவறு நான்காகிவிடும். அமர்ந்த நிலையில் ஒரு முறை, மாடிப்படி ஏறி இறங்கி வந்ததும் ஒரு முறை, விரலைக் குளிர்ந்த நீரில் வைத்து எடுத்ததும் ஒரு முறை ஒப்பிட்டால், கருவி எங்கே நிற்கிறது, எங்கே சாய்கிறது என்று தெரிந்துவிடும். சோதனையின்போது மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட விடுவது இரண்டு வகையில் நல்லது. 50 ஹெர்ட்ஸ் தொற்று குறையும், விரல் வைத்திருப்பவருக்கும் மின்கசிவு அபாயம் இருக்காது.

அசையாமல் அமர்ந்திருப்பவரின் நாடியை எண்ண இரண்டு ஆப்-ஆம்ப், நான்கைந்து கெப்பாசிட்டர், ஒழுங்கான நேரக்கணக்கு உள்ள ஒரு சிறு நிரல் போதும். நடப்பவருக்கு முடுக்கமானி இல்லாமல் முடியாது. நோயைக் கண்டறிய இந்தக் கருவியை நம்பக் கூடாது. புராஜெக்ட் அறிக்கை எழுதும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வடிகட்டிய அலையின் படத்தை மட்டும் போடாதீர்கள். வடிகட்டுவதற்கு முந்தைய அலையையும், ஒவ்வொரு கட்டத்திலும் எது போனது என்பதையும், விரலே வைக்காதபோது வந்த பதிவையும் அதே பக்கத்தில் போடுங்கள்.